ஒரே ஒரு செட்டப்: உட்லண்ட்ஸ் இரவுப்பணியாளர் ஒருவரின் டிரேடிங் கணக்கு

ஒரு செவ்வாய்க்கிழமை காலை 7:40க்கு எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. கூடவே குரல் பதிவு: "அண்ணே, விலை அங்க போகவே இல்ல. ஆனா ஸ்டாப் அடிச்சு மூடியிருக்கு. புரோக்கர் ஏமாத்துறான்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முந்தின நாள் மாலை பவுண்ட்-டாலரை விற்று வைத்திருக்கிறார். விலை எதிராகப் போனால் டிரேடைத் தானாக மூடும் ஸ்டாப் லாஸ் 1.2790ல். சார்ட்டில் அந்த இரவின் உச்சம் 1.2784. ஆறு பிப், அதாவது நான்காவது தசம இடத்தில் ஆறு புள்ளி, கீழேயே நின்றுவிட்டது. ஆனால் கணக்கில் டிரேட் 1.2791ல் மூடப்பட்டிருக்கிறது. மூடிய நேரம் காலை 5:02.

அந்த நேரத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. கோடை காலத்தில் சிங்கப்பூரின் காலை 5 மணி என்பது நியூயார்க்கின் மாலை 5 மணி. நாணயச் சந்தை ஒரு நாளை முடித்து அடுத்த நாளைத் தொடங்கும் நேரம் அது. வங்கிகள் சில நிமிடங்கள் விலை கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே பகலில் ஒரு பிப் இருக்கும் இடைவெளி, அதாவது ஸ்ப்ரெட், அப்போது எட்டு, பத்து என்று விரியும். சார்ட்டில் நாம் பார்ப்பது பெரும்பாலும் நாம் விற்கக்கூடிய பிட் விலை மட்டுந்தான். விற்று வைத்த டிரேடை மூட வேண்டுமென்றால் திரும்ப வாங்க வேண்டும். அது ஆஸ்க் விலையில் நடக்கும். பிட் 1.2783ல் இருக்கும்போது ஸ்ப்ரெட் எட்டு பிப் ஆனால் ஆஸ்க் 1.2791. ஸ்டாப் அடித்தாயிற்று. சார்ட்டில் தடயமே இருக்காது.

புரோக்கர் ஏமாற்றவில்லை. 5:02க்கு அந்த டிரேட் திறந்தே இருந்திருக்கக் கூடாது. அதைத் திறந்து வைத்துவிட்டுப் போனவருடைய கைபேசி அப்போது லாக்கருக்குள் கிடந்தது. இந்த ஆய்வு அந்த லாக்கரிலிருந்துதான் தொடங்குகிறது.

ஆள், வேலை, கணக்கு

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தம்பி என்றே எழுதுகிறேன். அறந்தாங்கிப் பக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு சிங்கப்பூர் வந்து ஆறு வருடம். உட்லண்ட்ஸில் சிப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்பு டெக்னீஷியன். இரவு 7:30க்குத் தொடங்கி காலை 7:30க்கு முடியும் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். ஒரு வாரம் நான்கு இரவு வேலை, மூன்று நாள் ஓய்வு. மறுவாரம் மூன்று இரவு, நான்கு நாள் ஓய்வு. தூசி புகாத அறைக்குள் வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டுதான் வேலை. அவருடைய பிரிவில் கைபேசி உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை. இடைவேளையில் லாக்கருக்கு வந்தால்தான் பார்க்க முடியும்; அதுவும் அங்கியைக் கழற்றி மாட்டவே பத்து நிமிடம் போய்விடும்.

அந்த ஸ்கிரீன்ஷாட் வந்தபோது பதினோரு வாரமாக டிரேட் செய்துகொண்டிருந்தார். போட்டது 4,600 அமெரிக்க டாலர். மீதி 2,010.

"கணக்கை நான் பார்க்கலாமா?" என்று கேட்டேன். அவர் டிரேட் செய்யும் எம்டி4 மென்பொருளில் இன்வெஸ்டர் பாஸ்வேர்ட் என்று ஒன்று உண்டு. அதை வைத்து உள்ளே போனால் எல்லாவற்றையும் பார்க்கலாம், ஆனால் ஒரு ஆர்டர்கூடப் போட முடியாது. அதைக் கொடுத்தார். அன்று மாலை 187 டிரேடுகளையும் எக்செல்லில் இறக்கினேன்.

வழக்கமாக எல்லோரும் பார்ப்பது எத்தனை லாபம், எத்தனை நஷ்டம் என்பதைத்தான். நான் வேறு மாதிரி பிரித்தேன்: அந்த டிரேட் நடந்தபோது இவர் எங்கே இருந்தார்? ஷிப்ட் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு குவியலாகப் போட்டேன்.

வேலை முடிந்து காலை 8 முதல் 10 மணிக்குள் போட்டவை 74. நஷ்டம் 1,640 டாலர். மாலையில் போட்டுவிட்டு ஷிப்டுக்குள் போகும்போது திறந்தபடி விட்டுச் சென்றவை 38, நஷ்டம் 1,120. ஓய்வு நாட்களில் இரவில் போட்டவை 23, லாபம் 110. தூங்கி எழுந்து மாலை 3 மணியிலிருந்து 6:30க்குள் போட்டு, அதற்குள்ளேயே மூடியவை 52, லாபம் 60.

அதாவது நஷ்டம் முழுவதும் இரண்டு குவியலில் இருந்தது. அந்த இரண்டுக்கும் சார்ட்டோடு பெரிய சம்பந்தமில்லை. ஒன்றில் ஆள் கிறங்கிப்போய் இருந்தார், இன்னொன்றில் ஆளே இல்லை.

இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டினேன். அவர் ஆடியது பவுண்ட்-டாலரும் யூரோ-டாலரும் மட்டும்; சராசரி அளவு 0.30 லாட். அந்த அளவில் ஒரு பிப் மூன்று டாலர். ஒவ்வொரு டிரேடுக்கும் ஸ்ப்ரெட் ஒரு பிப் என்றாலே 187 தடவைக்குச் சுமார் 560 டாலர். "இது வாடகை மாதிரி. நீ ஜெயிச்சாலும் கட்டணும், தோத்தாலும் கட்டணும்" என்றேன். எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்பது அவருக்கு முதலில் உறைத்தது இந்த இடத்தில்தான். எட்டு மணி விஷயத்தை மட்டும் ஏற்கவில்லை. "காலையில நான் நல்லா முழிச்சுத்தான் இருக்கேன் அண்ணே" என்றார்.

முழித்துத்தான் இருந்தார், அதில் சந்தேகமில்லை. மதியம் 2:30க்கு எழுகிறவர் காலை 7:30க்கு வெளியே வரும்போது 17 மணி நேரம் விழித்திருக்கிறார். 1997ல் டாசன், ரீட் என்ற இரு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், விழித்திருக்கும் நேரத்தையும் மது குடித்த நிலையையும் ஒப்பிட்டு ஒரு சோதனை செய்தார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கை-கண் ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடையதற்குச் சமமாக இறங்கியிருந்தது. நம் ஊர் மோட்டார் வாகனச் சட்டத்தின் வரம்பு 0.03 சதவீதம். அந்தக் கணக்குப்படி, தம்பி காலை எட்டு மணிக்கு இந்தியாவில் வண்டி ஓட்ட முடியாத நிலையில் பவுண்டை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார்.

டிரேடிங்குக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு சிங்கப்பூரிலேயே நடந்திருக்கிறது. டியூக்-என்யூஎஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த குழு 2011ல் வெளியிட்டது. ஓர் இரவு தூங்காதவர்களிடம் பணத்தை வைத்துத் தேர்வுகள் செய்யச் சொன்னார்கள். தூங்கியபோது நஷ்டத்தைக் குறைக்கும் வழியை நாடியவர்கள், தூங்காதபோது லாபத்தைப் பெரிதாக்கும் பக்கம் சாய்ந்தார்கள். தம்பியின் 74 டிரேடுகளில் இது அப்படியே தெரிந்தது: ஸ்டாப் லாஸைக் கீழே நகர்த்தியது, அளவை இரட்டிப்பாக்கியது எல்லாம் அந்தக் குவியலில்தான் அதிகம். மாலை டிரேடுகளில் அந்தப் பழக்கம் ஏறக்குறைய இல்லை. கை ஒன்றுதான், கடிகாரம் வேறு.

52லிருந்து 14

மாலைக் குவியலில் லாபம் 60 டாலர்தான். அதற்குள் இன்னொரு முறை பிரித்துப் பார்த்தோம். இந்த முறை அவரே பிரித்தார். ஒவ்வொன்றையும் சார்ட்டில் திறந்து, ஏன் வாங்கினேன், ஏன் விற்றேன் என்று ஒரு வார்த்தை எழுதினார். "வேகமா ஏறுச்சு", "டெலிகிராம்ல சொன்னாங்க", "ஆர்எஸ்ஐ கீழ இருந்துச்சு" என்று பல காரணங்கள். 14 டிரேடுகளுக்கு மட்டும் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தது: காலையிலிருந்து அடைபட்டுக் கிடந்த விலை உடைத்து வெளியே போய், உடைத்த இடத்துக்கே திரும்பி வந்தபோது பிடித்தது. அந்த 14ம் சேர்ந்து 310 டாலர் லாபம். மீதி 38ம் சேர்ந்து 250 டாலர் நஷ்டம்.

இங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நடந்து முடிந்ததிலிருந்து லாபம் தந்ததை மட்டும் பொறுக்கி எடுத்தால் எதுவும் நன்றாகத்தான் தெரியும். 14 என்பது ஆதாரம் ஆகாது, ஒரு துப்பு மட்டுமே. ஆனால் இந்தத் துப்புக்குப் பின்னால் ஒரு காரணம் இருந்ததால் அதைத் தொடரலாம் என்று எனக்குப் பட்டது.

காரணம் இதுதான். 2022ல் சர்வதேசத் தீர்வு வங்கி எடுத்த கணக்கின்படி, உலக நாணய வர்த்தகத்தில் 38 சதவீதம் பிரிட்டனில் நடந்தது. சிங்கப்பூரின் பங்கு அப்போது 9 சதவீதம். இது பெரிய எண்ணிக்கைதான், ஆனால் ஆசிய நேரத்தில் பவுண்டைப் பெரிதாக அசைக்கும் ஆட்கள் குறைவு. எனவே சிங்கப்பூர் காலை 8 மணியிலிருந்து மாலை 3 வரை பவுண்ட்-டாலர் பெரும்பாலும் ஒரு சிறிய பெட்டிக்குள் மேலும் கீழும் நடக்கும். பெட்டிக்கு மேலேயும் கீழேயும் பலருடைய ஸ்டாப்புகள் சேரும். 3 மணிக்கு லண்டன் திறந்ததும் விலை ஒரு பக்கம் உடைக்கும். உடைத்த உடனே பாய்ந்து பிடித்தால் பல நாள் ஏமாற்றம்தான். ஸ்டாப்புகளை மட்டும் வாரிக்கொண்டு விலை மறுபடி பெட்டிக்குள் விழுந்துவிடும். உடைத்து, விளிம்புக்குத் திரும்பி வந்து, அங்கே நிற்கிறதா என்று பார்த்தால் அந்த ஏமாற்றத்தில் ஒரு பகுதி கழிந்துவிடும். எல்லாம் கழியாது.

அந்த நேரம் இவருடைய நாளோடும் பொருந்தியது. 2:30க்கு எழுந்து, காபி குடித்து, 3 மணிக்கு உட்காரலாம். 6:30க்கு எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பேருந்து பிடிக்கலாம். தூங்கி எழுந்த மூளை, கையில் லேப்டாப், லாக்கர் கிடையாது. எந்த செட்டப், அதாவது டிரேடில் நுழையும் முறை, நல்லது என்ற கேள்வியை விட, என் ஷிப்டுக்கு முன்பே முழுதாகத் தொடங்கி முழுதாக முடிகிற செட்டப் எது என்ற கேள்வி இவருக்குப் பயன்பட்டது.

ஓய்வு நாட்களில் உட்கார்ந்து பழைய சார்ட்டை F12 தட்டி, குறிப்பிட்ட நேரத்தின் விலை ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஒவ்வொரு கேண்டிலாக நகர்த்தி, நோட்டில் எழுதினார். நூறு டிரேட் சேர்ந்ததும் கொண்டுவந்தார். ஸ்டாப்பை விட இரு மடங்கு இலக்கு வைத்து 44 தடவை ஜெயித்திருப்பதாகக் கணக்கு. நான் கேட்டது ஒன்றுதான்: "ஒரே கேண்டிலுக்குள்ள டார்கெட்டும் ஸ்டாப்பும் ரெண்டும் இருந்தா என்னன்னு எழுதினே?" சிரித்துவிட்டார். எல்லாவற்றையும் ஜெயித்ததாக எழுதியிருக்கிறார். எது முதலில் வந்தது என்று தெரியாதபோது தோற்றதாகத்தான் எழுத வேண்டும். திருத்திய பிறகு 39. இரு மடங்கு இலக்குக்கு நூற்றுக்கு 34 ஜெயித்தால் கை நஷ்டமில்லை. எனவே 39 என்பது பணக்காரன் ஆக்கும் எண் இல்லை. தொடர்ந்து பார்க்கலாம் என்ற அளவுக்கான எண்.

இன்னொரு தவறும் அதில் வெளிப்பட்டது. புரோக்கரின் சர்வர் கடிகாரம் சிங்கப்பூர் நேரத்தில் ஓடாது. பலரும் கிரீன்விச்சுக்கு இரண்டு, கோடையில் மூன்று மணி நேரம் முன்னால் வைத்திருப்பார்கள். பிரிட்டன் அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை மாற்றும்போது லண்டன் திறப்பது சிங்கப்பூருக்கு மாலை 4 மணி ஆகிவிடும். தம்பி குளிர்கால மாதங்களிலும் பெட்டியை 3 மணியோடு மூடியிருந்தார். அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டு மறுபடி செய்தார்.

ஒரு நாள், முழுதாக

விதிகளைப் பட்டியலாகச் சொல்வதை விட, ஜூன் மாதத்தில் ஒரு புதன்கிழமை நடந்ததைச் சொன்னால் எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

2:30க்கு எழுந்ததும் நோட்டில் முதல் வரி: தூக்கம் 5 மணி 40 நிமிடம். ஐந்து மணிக்குக் குறைந்தால் அன்று லேப்டாப்பே திறப்பதில்லை. இரண்டாவது வரி: 2 மணிக்குப் பிரிட்டனின் புள்ளிவிவரம் எதுவும் வந்ததா? பணவீக்கம், வளர்ச்சி போன்றவை லண்டன் நேரம் காலை 7க்கு, அதாவது சிங்கப்பூர் 2 மணிக்கு வரும். வந்திருந்தால் பெட்டி ஏற்கெனவே உடைந்து கலைந்திருக்கும். அன்று வரவில்லை.

3 மணிக்குப் பெட்டியை வரைந்தார். உச்சம் 1.2740, தாழ்வு 1.2708. அகலம் 32 பிப். இவருடைய வரம்பு 20லிருந்து 45 வரை. 20க்குக் குறைந்தால் ஸ்டாப் மிக நெருக்கமாகி, ஸ்ப்ரெட்டே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். 45க்கு மேல் போனால், அன்றைக்கு ஓட வேண்டியதில் பாதி ஆசியாவிலேயே ஓடிவிட்டது என்று அர்த்தம்.

3:45க்கு முடிந்த பதினைந்து நிமிடக் கேண்டில் 1.2749ல் முடிந்தது. பெட்டிக்கு மேலே ஒன்பது பிப். குறைந்தது ஐந்து பிப் வெளியே கேண்டில் முடிய வேண்டும் என்பது விதி. விலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் கணக்கில்லை. உடனே வாங்கவில்லை. விலை 1.2741க்கு இறங்கினால் வாங்கும்படி `Buy Limit` ஆர்டர் போட்டார். ஸ்டாப் லாஸ் பெட்டியின் நடுவே, 1.2724. தூரம் 17 பிப். இலக்கு அதற்கு இரு மடங்கு, 34 பிப் மேலே 1.2775. `Expiry` ஒரு மணி நேரம். அதற்குள் விலை திரும்பி வராவிட்டால் ஆர்டர் தானாக அழியும். எம்டி4ல் அந்தக் கட்டத்தில் சர்வர் நேரத்தைத்தான் போட வேண்டும். முதல் வாரத்தில் அதிலும் ஒருமுறை சறுக்கினார்.

அளவை நிர்ணயிப்பதுதான் அவருக்குப் புதிது. முன்பெல்லாம் 0.30 என்பது பழக்கம், அவ்வளவுதான். இப்போது கணக்கு தலைகீழாக நடந்தது. இருப்பு 2,010 டாலர், அதில் ஒரு சதவீதம் 20 டாலர். அதை 17 பிப்பால் வகுத்தால் பிப்புக்கு 1.18 டாலர். பவுண்ட்-டாலரில் 0.01 லாட்டுக்கு ஒரு பிப் பத்து சென்ட். எனவே கீழ்நோக்கி முழுமையாக்கி 0.11 லாட். ஸ்டாப் அடித்தால் போவது 18.70 டாலர், இலக்கு தொட்டால் வருவது 37.40. 0.11 லாட் என்பது 11,000 பவுண்ட், கிட்டத்தட்ட 14,000 டாலர். சிங்கப்பூரில் சில்லறை முதலீட்டாளருக்கு நாணய டிரேடில் பிணையாக வைக்க வேண்டிய குறைந்தபட்ச மார்ஜின் 5 சதவீதம் என்பதால் சுமார் 700 டாலர் முடங்கும். முன்பு 0.30 லாட் போட்டபோது இருப்பில் எவ்வளவு கட்டுண்டு கிடந்தது என்பதை இதை வைத்தே கணக்கிட்டுக்கொண்டார்.

4:12க்கு விலை இறங்கி ஆர்டர் நிறைந்தது. அப்புறம் நேராக ஏறவில்லை, 1.2729 வரை போனது. ஸ்டாப்புக்கு ஐந்து பிப் மிச்சம். இந்த இடத்தில் பழைய தம்பியாக இருந்தால் ஒன்று மூடியிருப்பார், இல்லை ஸ்டாப்பைக் கீழே தள்ளியிருப்பார். அன்று எழுந்து போய் அரிசி களைந்து குக்கரில் வைத்ததாக நோட்டில் இருக்கிறது.

6:30க்கு விலை 1.2763. இலக்குக்கு இன்னும் 12 பிப். விதிப்படி மூடினார், 22 பிப், 24 டாலர் 20 சென்ட். அன்று இரவு 8:40க்கு விலை 1.2775ஐத் தாண்டிப் போனது. லாக்கருக்கு வந்தபோது பார்த்திருக்கிறார். "13 டாலர் போச்சு அண்ணே" என்று செய்தி. நான் பதில் அனுப்பவில்லை. இரவு 8:30க்குத்தான் கோடையில் அமெரிக்கப் புள்ளிவிவரங்கள் வரும். அன்று அது மேலே தள்ளியது. கீழே தள்ளும் நாளில் அவர் அங்கிக்குள் இருப்பார். திறந்து விட்டுப்போன 38 டிரேடுகளின் 1,120 டாலர் நஷ்டம் இப்படிப்பட்ட இரவுகளின் கூட்டுத்தொகைதான்.

ஆறு மாதத்துக்குப் பிறகு

26 வாரம், சந்தை திறந்திருந்த 130 நாட்கள். தூக்கக் குறைவு, ஷிப்டிலிருந்து ஓய்வுக்கு மாறும் நாள் என்று 31 நாட்கள் கழிந்தன. செய்தி நாட்கள் 18. பெட்டி அளவு பொருந்தாதவை 34. மீதி 47 நாட்களில் 16 நாட்கள் விலை உடைக்கவில்லை, அல்லது உடைத்துத் திரும்பி வரவில்லை. ஆக மொத்தம் 31 டிரேட். முன்பு பதினோரு வாரத்தில் 187 செய்தவர்.

ஒரு டிரேடில் இழக்கத் துணியும் தொகையை ஒரு R என்போம். 31ல் இலக்கைத் தொட்டவை 9, அதாவது கூட்டல் 18 R. ஸ்டாப் அடித்தவை 15, கழித்தல் 15 R. 6:30க்கு மூடியவை 7. அவை சேர்ந்து கூட்டல் 1.8 R. முடிவில் கூட்டல் 4.8 R. டாலரில் சுமார் 90.

ஆறு மாத உழைப்புக்கு 90 டாலர். ஓவர்டைம் ஒரு இரவு பார்த்தால் இதை விட அதிகம் வரும் என்று அவரே சொன்னார். அதை விட முக்கியமான சங்கடம் ஒன்று உண்டு. இந்த செட்டப்பில் எந்தச் சாதகமும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், சும்மா காசு சுண்டுவது போலத்தான் என்று. அப்போதும் 31 டிரேடில் வெறும் அதிர்ஷ்டத்தால் ஏழு R வரை மேலோ கீழோ போவது சாதாரணம். எனவே 4.8 R எதையும் நிரூபிக்கவில்லை. இதை நான் சொன்னபோது அவர் முகம் வாடியது. ஆனால் சொல்லாமல் விட்டால் அடுத்த மாதமே அளவை இரட்டிப்பாக்கியிருப்பார்.

உண்மையில் கணக்கில் அந்த 90 டாலரும் இல்லை. இருப்பு 1,995. ஆரம்பத்தை விட 15 குறைவு.

ஏனென்றால் திட்டத்துக்கு வெளியே நான்கு டிரேடுகள் இருந்தன. அவை மட்டும் கழித்தல் 5.5 R. நான்கும் 0.30 லாட். நான்கும் காலை 8 மணிக்கும் 9:30க்கும் இடையே. நான்கும் வேலை முடிந்து வரும் பேருந்தில், கைபேசியிலிருந்து. அதில் இரண்டு, முந்தின மாலை ஸ்டாப் அடித்ததற்கு மறுநாள் காலை. 31 ஒழுங்கான டிரேடுகள் சேர்த்ததை நான்கு பேருந்துப் பயணங்கள் தின்றுவிட்டன.

மூன்றாவது வாரத்தில் முதல் மீறல் நடந்தபோது திட்டினேன். "இனிமே மாட்டேன்" என்றார். ஏழாவது வாரத்தில் இரண்டாவது, மறுபடி சத்தியம். பதினைந்தாவது வாரத்தில் நான்காவது நடந்த பிறகு சத்தியம் வாங்குவதை விட்டுவிட்டு நேரத்தைப் பார்க்கச் சொன்னேன். 17 மணி நேரம் விழித்த மூளையிடம் 3 மணி மூளை செய்த சத்தியத்தைக் காப்பாற்றச் சொல்வது வீண் வேலை. அன்றே கைபேசியிலிருந்து செயலியை நீக்கினார். அறைக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து, அது ஏதோ புதுப்பித்து முடித்து, லாகின் ஆக நான்கைந்து நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் தூக்கம் ஜெயித்துவிடுகிறது. மீதி பதினொரு வாரத்தில் ஒரு மீறலும் இல்லை. மன உறுதி கூடியது என்று நான் நம்பவில்லை. பேருந்தில் பட்டன் இல்லை, அவ்வளவுதான்.

இடையில் ஊரிலிருந்து அவருடைய மச்சான் ஒரு லட்சம் அனுப்புகிறேன், சேர்த்து ஓட்டு என்று கேட்டிருக்கிறார். கூடாது என்று சொன்னதோடு காரணத்தையும் சொல்லச் சொன்னேன். இந்தியாவில் வசிப்பவர் இப்படி வெளிநாட்டுத் தளங்களில் நாணய டிரேடுக்குப் பணம் அனுப்புவது ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி அனுமதி இல்லாதது. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் அனுமதியற்ற தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலையே வெளியிட்டது. தம்பி சிங்கப்பூரில் சம்பாதித்த தன் பணத்தைத் தன் கணக்கில் போடுவது வேறு, மச்சான் பணத்தை வாங்கி ஓட்டுவது வேறு. மச்சானுக்குக் கோபம். இரண்டு வாரம் பேசவில்லையாம்.

போன வாரம் கூப்பிட்டார். அடுத்த மாதத்திலிருந்து பகல் ஷிப்ட், காலை 7:30 முதல் இரவு 7:30. லண்டன் திறக்கும்போது அங்கிக்குள் இருப்பார்.

"அப்போ என்ன பண்ணப் போறே?"

"ஓய்வு நாள்ல மட்டும் பார்ப்பேன் அண்ணே. வாரத்துக்கு ஒண்ணு கிடைச்சாலே பெருசு."

"ராத்திரி அமெரிக்கா நேரத்துக்கு ஏதாவது?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "டெலிகிராம்ல ஒருத்தர் நாஸ்டாக்குக்கு ஒரு செட்டப் அனுப்பினார். நல்லாத்தான் இருந்துச்சு. நோட்டுல நூறு எண்ணிட்டு வர்றேன்."

எண்ணிக்கொண்டிருக்கிறார். நேற்று வரை 23.